சாயம் பிடிக்காத வட்டம்

வலது சிறுநீரகத்தின் கீழ் முனையில் தொங்கிய நீர்க்கட்டி 9.4 சென்டிமீட்டர். பெரிய சாத்துக்குடி ஒன்றைக் கையில் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதைச் சுமந்துகொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயது 61. முதுகுவலிக்காகப் போன இடத்தில் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்திருக்கிறார்கள். அதில் இந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு, "சிடி எடுத்துப் பாத்துருங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்று அவர் மனைவி சொன்னார். நான் ஸ்கேன் படம் படிக்கும் ஆள். இருட்டறையில் அவர் படத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெரிய வட்டம்தான். அன்று காலையில் நான் பார்த்த படங்களிலேயே அழகானது அது.

அழகு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எளிய நீர்க்கட்டி சிறுநீரகத்தை விட்டு வெளியே புடைத்து நிற்கும் இடத்தில், அதன் சுவரைத் தேடினால் கிடைக்காது. உள்ளே சாம்பல் நிற நீர், வெளியே கரிய கொழுப்பு. இரண்டும் சந்திக்கும் விளிம்பு மட்டும் தெரியும். சோப்பு நுரைக் குமிழியின் தோலைப் பார்ப்பது போலத்தான். தோல் இருக்கிறது என்று தெரியும், அதன் கனத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. சுவர் ஒரு கோடாக, தனக்கென்று ஒரு தடிமனோடு தெரிய ஆரம்பித்தால் நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வேன். 2 மில்லிமீட்டர் வரை மெல்லியது என்றுதான் கணக்கு. ஆனால் நல்ல நீர்க்கட்டிகள் பெரும்பாலும் அந்த 2 மில்லிமீட்டர் சலுகையைக் கேட்பதே இல்லை.

இன்னொரு நயம் கட்டியும் சிறுநீரகமும் ஒட்டும் இடத்தில் இருக்கிறது. கண்டக்டரின் படத்தில் சிறுநீரகத் தசை கட்டியின் இரு பக்கமும் மெலிந்து, கூராகி, கிளியின் அலகு போலக் கட்டியைக் கவ்வியிருந்தது. பல வருடங்களாக மெல்ல மெல்ல வெளியே தள்ளிய ஒன்றுக்குச் சிறுநீரகம் இப்படித்தான் இடம் கொடுக்கும். அலகு தெரிந்தால் கட்டி கல்லீரலிலிருந்தோ அட்ரீனலிலிருந்தோ வரவில்லை, சிறுநீரகத்திலேயே முளைத்தது என்று ஏறக்குறைய உறுதி செய்துகொள்ளலாம். அதற்கு மேல் அலகைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. மெதுவாக வளரும் திடக்கட்டியும் அப்படி ஓர் அலகைச் செதுக்கிவிடும்.

சுவரைப் படிக்கும் இந்தக் கலைக்கு ஒழுங்கு கொடுத்தவர் மார்ட்டன் போஸ்னியாக், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கதிரியக்க மருத்துவர். 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் நீர்க்கட்டிகளை நான்கு வகையாகப் பிரித்தார். மெல்லிய சுவரும் தெளிந்த நீருமாக இருந்தால் முதல் வகை. உள்ளே முடி போல ஒன்றிரண்டு இழைகள் குறுக்கே ஓடினால் இரண்டாவது. சுவரோ இழையோ தடித்து, ஊசியில் போட்ட மருந்தையும் பிடித்துக்கொண்டால் மூன்றாவது. மருந்து பிடிக்கும் சதை முடிச்சே தெரிந்தால் நான்காவது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதிலும் சேராமல் நின்றவற்றுக்காகப் பிற்பாடு ‘2 எஃப்’ என்று ஓர் அறையைக் கட்டினார். ‘தொடர்ந்து கவனி’ என்பதைக் குறிக்கும் எழுத்து அந்த ‘எஃப்’. எந்த வகையிலும் சேர்க்க முடியாததற்கென்று தனியாக ஒரு வகை வைத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். 2019இல் இந்த முறையைத் திருத்தியவர்கள், ‘கொஞ்சம் தடித்த’, ‘சில’ போன்ற வழவழப்பான சொற்களுக்குப் பதில் மில்லிமீட்டரையும் எண்ணிக்கையையும் வைத்தார்கள். இழைகள் மூன்று வரை ‘சில’, நான்கிலிருந்து ‘பல’. 2 மில்லிமீட்டர் வரை மெல்லியது, 3 சற்றே தடித்தது, 4 என்றால் தடித்தது.

3க்கும் 4க்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒருவருடைய அறுவை சிகிச்சை தொங்கும். கேட்க அபத்தமாக இருக்கும். 3 என்றால் 2 எஃப்; ஆறு மாதத்தில் ஒரு படம், ஒரு வருடத்தில் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வருடம். 4 என்றால் மூன்றாம் வகை; ஏறக்குறையப் பாதி பேருக்கு உள்ளே புற்று இருக்கும், அதனால் பேச்சு கத்தியை நோக்கித் திரும்பும். நான்காம் வகையில் பத்தில் ஒன்பது புற்று. ஆகவே அந்த ஒரு மில்லிமீட்டரை அளக்கும்போது படத்தை நன்றாகப் பெரிதாக்கி, இழைக்குச் செங்குத்தாகக் கோடு போட்டு, பக்கத்துத் துண்டங்களிலும் அதையே செய்து பார்ப்பேன். இழையைச் சாய்வாக வெட்டிய துண்டத்தில் அளந்தால் 3 மில்லிமீட்டரே 5 போலத் தோன்றும். வெண்டைக்காயைச் சாய்வாக நறுக்கினால் வில்லை நீண்டுபோகுமே, அதே கதை.

இந்த முறையில் எனக்கு மிகவும் ருசிப்பது ஒரு கோணம். சுவரில் சிறு புடைப்பு ஒன்று தெரிகிறது என்று வையுங்கள். அது சுவரோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். மணல்மேடு தரையில் சரிவது போலச் சாய்ந்து கரைந்தால் அது விரிகோணம். 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறவரை மூன்றாம் வகையோடு நிற்கும், 4ஐத் தொட்டால் நான்காம் வகை. ஒட்டிய மிளகு போல அடியில் இடுக்கு விழுந்து நின்றால் குறுங்கோணம். அப்போது அளவைக் கேட்கவே வேண்டாம், எவ்வளவு பொடியாக இருந்தாலும் நான்காம் வகைதான். சரிந்து கரைவது சுவரே கொஞ்சம் தடித்ததாக இருக்கலாம். இடுக்கோடு நிற்பது சுவரிலிருந்து தனியாகக் கிளம்பி வளரும் ஒன்று. மருந்து பிடித்திருக்கிறதா என்பதுதான் இரண்டுக்கும் முதல் கேள்வி. பிடிக்கவில்லை என்றால் அது உறைந்த இரத்தமோ படிந்த கசடோவாக இருக்கும், கோணத்தை அளந்து பயனில்லை.

கண்டக்டரின் சாத்துக்குடியில் இழையும் இல்லை, முடிச்சும் இல்லை. அடுத்தது எண்.

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. இந்த இயந்திரத்தை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் வழங்கும் அளவுகோல் அது. தண்ணீர் 0, காற்று −1000. கொழுப்பு −100 பக்கம். மருந்து போடாத சிறுநீரகம் 30, 40. எளிய நீர்க்கட்டியில் இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர்தான் என்பதால் 0க்கும் 20க்கும் நடுவே நிற்கும். படத்தில் மவுஸால் ஒரு வட்டம் போட்டால் அதற்குள் இருக்கும் புள்ளிகளின் சராசரியை இயந்திரம் சொல்லிவிடும். வட்டம் போடுவதிலும் ஒரு பதம் இருக்கிறது. விளிம்பைத் தொட்டால் கொழுப்போ சிறுநீரகமோ கலந்து எண் கெடும். மிகச் சிறிதாகப் போட்டால் படத்தின் இரைச்சலே எண்ணாகிவிடும். கட்டியின் மூன்றில் இரண்டு பங்கை அடைக்கிற மாதிரி, விளிம்பிலிருந்து எட்டி நிற்க வேண்டும். சாத்துக்குடியில் போட்டேன். 6.

பிறகு கையில் கான்ட்ராஸ்ட் ஊசி. அந்த மருந்தில் அயோடின் இருக்கிறது, எக்ஸ்ரேயை அது நன்றாகத் தடுக்கும். அதனால் இரத்தம் ஓடுகிற இடமெல்லாம் வெளுக்கும். நம் பக்கத்தில் இதை ‘மருந்து பிடிக்கிறது’ என்றுதான் சொல்வோம். சாயத் தொட்டியில் முக்கிய நூல் சாயம் பிடிப்பதை நினைத்துக்கொண்டால் போதும். இரத்தக் குழாய் உள்ள சதை சாயம் பிடிக்கும், குழாயே இல்லாத நீர் பிடிக்காது. ஊசி போட்ட அரை நிமிடத்தில் சிறுநீரகத்தின் மேற்பட்டை மட்டும் பளிச்சென்று வெளுத்து, உள்பகுதி இருண்டிருக்கும். வாழைப்பூ மடலைக் குறுக்கே வெட்டியது போல அழகான படம். ஆனால் சிறு கட்டியைத் தேட அது மோசமான நேரம். இருண்ட உள்பகுதியின் நடுவே இருண்ட கட்டி ஒன்று ஒளிந்துகொண்டால் யாருக்குத் தெரியும்? ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு சிறுநீரகம் முழுக்க ஒரே சீராக வெளுக்கும். நாங்கள் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். கண்டக்டரின் சிறுநீரகம் 34இலிருந்து 178க்கு ஏறியிருந்தது. சாத்துக்குடி 6இலிருந்து 8. இரண்டு எண் வித்தியாசத்தை இயந்திரத்தின் கை நடுக்கம் என்றே சொல்லலாம். முதல் வகை. வலது பக்கம் முடிந்தது.

இடது பக்கத்தில் இரண்டு சின்ன வட்டங்கள் இருந்தன. அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு சிறியதை, விலா எலும்பின் நிழலில் இருப்பதை, அல்ட்ராசவுண்டில் தவற விடுவது நடக்கிற காரியம்தான்.

முதலாவது 1.6 சென்டிமீட்டர். மருந்து போடுமுன் எடுத்த படத்தில் சிறுநீரகத்தைவிட வெளுப்பாக, பாலாடைக்கட்டித் துண்டு போல நின்றது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் வெளுப்பைக் கண்டதும் பதறுவார்கள். எண் 76. பழைய இரத்தமோ புரதமோ கலந்து கெட்டியாகிப் போன நீர் அது. மருந்து போடாத படத்தில் உள்ளெல்லாம் ஒரே சீராக, எண் 70ஐத் தாண்டினால் அது தீங்கற்றது என்று ஏற்றுக்கொள்ளலாம். புற்றுத் திசு மருந்தில்லாமல் அவ்வளவு சீராக, அவ்வளவு வெளுப்பாக இருப்பது வழக்கமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மருந்து போட்டதும் சுற்றியுள்ள சிறுநீரகம் 178க்கு வெளுத்துவிட, அதே துண்டு இப்போது கருப்பாகத் தெரிகிறது. எண்ணைப் பார்த்தால் 77. அது மாறவே இல்லை, சுற்றுப்புறம் மாறிவிட்டது.

இரண்டாவது 2.3 சென்டிமீட்டர், இடது சிறுநீரகத்தின் நடுப்பகுதியில். மருந்து போடாத படத்தில் இதை நான் இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். சிறுநீரகத்தின் நிறமே அதன் நிறம், விளிம்பு மட்டும் துளி வளைந்திருந்தது. மருந்து போட்ட படத்தில் கருவட்டமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் தம்பி, "இதுவும் சிஸ்ட்தான் சார், அந்தப் பெரிசு மாதிரியே கருப்பா இருக்கு" என்றார். அவர் கண்ணில் தப்பில்லை. திரையில் இரண்டும் ஒரே ஜாதியாகத்தான் தெரிந்தன.

இப்படித் தெரிவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வயிற்றுப் படத்தை வழக்கமாக −160இலிருந்து 240 வரையுள்ள 400 எண்களைக் கருப்பிலிருந்து வெள்ளைக்குப் பரப்பித்தான் பார்ப்போம். அதில் 8 என்ற எண் கருப்பிலிருந்து 42 சதவீதத் தூரத்தில் ஒரு சாம்பல்; 58 என்ற எண் 54 சதவீதத்தில் இன்னொரு சாம்பல். இரண்டும் அருகருகே இருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் 84, 85 சதவீத வெளுப்பில் இருக்கும் சிறுநீரகம் அணைத்துக்கொண்டிருக்கிறது. வேட்டியில் விழுந்த கறை எதுவானாலும் கருப்பாகத் தெரிவது போல, அந்த வெளுப்பின் மடியில் இரண்டும் கருப்பாகிவிடுகின்றன. திரையின் பரப்பை −35இலிருந்து 115 வரை குறுக்கினேன். இப்போது சாத்துக்குடி கருமையிலேயே தங்கியது, சின்ன வட்டம் சாம்பலேறி மேலே வந்தது. "அட!" என்றார் தம்பி.

வட்டம் போட்டேன். 58. நேராக மருந்து போடாத படத்துக்குப் போய், அதே உயரத்தில், முதுகெலும்பையும் சிறுநீரகத்தில் நுழையும் இரத்தக் குழாயையும் அடையாளம் வைத்து அதே இடத்தைப் பிடித்தேன். 36. வித்தியாசம் 22.

58 என்ற எண் மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கெட்டியான நீரும் 58 காட்டும். 36 மட்டும் இருந்தாலும் அப்படியே. மருந்து போடாமல் 20க்கும் 70க்கும் நடுவே நிற்கும் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நீரா சதையா என்று அந்த எண் வாயைத் திறக்காது. இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள தூரம்தான் பேசும். 10க்குள் ஏறினால் மருந்து பிடிக்கவில்லை. 20க்கும் மேல் ஏறினால் பிடித்திருக்கிறது. நடுவில் உள்ள பத்தும் சந்தேகக் காலம்.

22 என்பது கோட்டை இரண்டு எண்களால் தாண்டியது. இந்த இடத்தில் அவசரப்பட்டுப் ‘புற்று’ என்று எழுதினால் ஒரு மனிதரின் சிறுநீரகத்தில் கத்தி இறங்கும். அலட்சியமாக ‘சிஸ்ட்’ என்று எழுதினால் அது உள்ளேயே வளரும். ஆகவே அந்த 22ஐ நம்பலாமா என்று விசாரித்தேன். பொய்யான ஏற்றம் வருவதற்குத் தெரிந்த வழிகள் மூன்று.

மூச்சு ஒன்று. நோயாளி முதல் படத்தில் பாதி மூச்சும் இரண்டாவதில் முழு மூச்சும் இழுத்திருந்தால், சிறுநீரகம் ஓரிரு சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். அதே உயரம் என்று நினைத்து வேறு இடத்தை அளந்துவிடுவோம். அதனால்தான் துண்டத்தின் எண்ணை நம்பாமல் இரத்தக் குழாயை அடையாளம் வைத்தது.

இரண்டாவது, துண்டத்தின் தடிமன். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டம் ஒரு சின்னக் கட்டியின் ஓரத்தை வெட்டினால், அதில் பாதி கட்டி, பாதி வெளுத்த சிறுநீரகம். சராசரி எண் சும்மா ஏறிவிடும். கட்டி 1 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இந்தத் தொல்லையிலிருந்து தப்புவது சிரமம். இது 2.3. மெல்லிய துண்டங்களை எடுத்துக்கொண்டு, கட்டியின் நட்ட நடுவில் அடுத்தடுத்து மூன்று இடங்களில் அளந்தேன். 57, 58, 60.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. அயோடின் நிரம்பிய சிறுநீரகம் எக்ஸ்ரேயின் மெல்லிய கதிர்களைக் குடித்துவிடும். மிஞ்சி வரும் கதிரின் குணமே மாறிப்போகும். அதைச் சரிசெய்ய இயந்திரத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு சில நேரம் தாராளம் காட்டி, சிறுநீரகத்துக்குள் புதைந்த சிறு நீர்க்கட்டிக்கும் பத்துப் பதினைந்து எண்ணைத் தானமாகக் கொடுத்துவிடும். சாயம் பிடிக்காத நீர், சாயம் பிடித்தது போல வேஷம் போடும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு உட்பட்டு, நாலு பக்கமும் சிறுநீரகம் சூழ்ந்திருப்பவையே இதற்கு அதிகம் இரையாகும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. முதலில் பித்தப்பையில் வட்டம் போட்டேன். மருந்துக்கு முன் 9, பின் 9. ஆனால் பித்தப்பை எங்கோ தள்ளி இருக்கிறது, சிறுநீரகத்தின் அயோடின் வெள்ளத்தில் அது நிற்கவில்லை. அப்போதுதான் அந்தப் பாலாடைத் துண்டின் மதிப்பு புரிந்தது. அதே இடது சிறுநீரகம், நாலு விரல் தூரம், நாலு பக்கமும் அதே வெளுப்பு. இந்த இரண்டாவதைவிட அளவிலும் சிறியது. இயந்திரம் யாருக்காவது தானம் செய்வதாக இருந்தால் இதற்குத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். அது 76இலிருந்து 77க்கு, ஒரே ஓர் எண் நகர்ந்திருந்தது. ஒரே தொட்டியில் இரண்டு நூலை முக்கி எடுத்திருக்கிறோம், ஒன்று அப்படியே வெளியே வந்திருக்கிறது, இன்னொன்று வெளிறிய சாயத்தோடு வந்திருக்கிறது. 22 உண்மை.

மருந்து போடுமுன் படம் எடுக்காமலே சிலர் வருவார்கள். வேறு காரணத்துக்காக மருந்தோடு ஒரு முறை மட்டும் ஸ்கேன் செய்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் இன்னும் மேசையில் படுத்திருந்தால் ஒரு வழி உண்டு. கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுப்பது. மருந்து பிடித்த சதை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். எண் 15 அளவுக்கு இறங்கினால், முன்பு ஏறியிருந்தது என்று அர்த்தம். கெட்டி நீர் ஏறவுமில்லை, இறங்கவும் இறங்காது. வீட்டுக்குப் போய்விட்டவரைத் திரும்பக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சந்தேகப் பத்தில் மாட்டிக்கொண்டவர்களை எம்ஆர்ஐக்கு அனுப்பலாம். மருந்துக்குப் பின் எடுத்த படத்திலிருந்து முன் எடுத்ததை அங்கே கழித்துப் பார்ப்பார்கள். மிஞ்சுவது வெறும் இருட்டு என்றால் நிம்மதி.

இவ்வளவு மெல்லச் சாயம் பிடிக்கும் திடக்கட்டிகளில் ‘பாப்பிலரி’ என்ற வகைப் புற்றுக்கு முதலிடம். சிறுநீரகப் புற்றில் அதிகம் வருவது ‘கிளியர் செல்’ வகை. அது இரத்தக் குழாய்கள் மண்டியது. ஊசி போட்ட அரை நிமிடத்தில் பட்டையோடு போட்டிபோட்டு வெளுக்கும், உள்ளே திட்டுத் திட்டாகவும் இருக்கும். அதை யாரும் நீர்க்கட்டி என்று நினைக்க மாட்டார்கள். பாப்பிலரி அடக்கமானது. சீரான சாம்பல், ஒழுங்கான வட்டம், கொஞ்சம் ஏற்றம். நீர்க்கட்டியின் நல்ல பழக்கங்கள் எல்லாம் அதனிடம் இருக்கும், 20 எண்ணைத் தவிர.

மருந்து பிடித்தாலே புற்று என்றும் முடிவுகட்ட முடியாது. உள்ளே எங்காவது ஒரு துளி கொழுப்பு இருந்தால், அந்தப் பொட்டில் எண் −10க்குக் கீழே போனால், பெரும்பாலும் அது ‘ஆஞ்சியோமயோலிப்போமா’ என்ற சாதுவான கட்டி. மிளகளவு கருமைப் பொட்டு ஒன்று ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்றிய நாட்கள் என் நினைவில் உண்டு. ‘ஆன்கோசைட்டோமா’ என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் தீங்கற்றது, ஆனால் படத்தில் புற்றிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல நம்பகமான வழி இல்லை. கண்டக்டரின் கட்டியில் கொழுப்பைத் தேடி மெல்லிய துண்டங்களில் புள்ளி புள்ளியாக அலைந்தேன். கிடைக்கவில்லை.

கடைசியாக வருவது அளவு. வெளியே காத்திருந்தவருக்கு முதலும் முடிவுமாகத் தெரிந்ததும் அதுதான். நீர்க்கட்டியில் அளவு எதையும் தீர்மானிப்பதில்லை. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் பெருத்தாலும் வகை மாறாது. சுவர் மாறுகிறதா, முடிச்சு முளைக்கிறதா என்பதைத்தான் பார்ப்போம். திடக்கட்டியிலோ அளவுக்கு வாய் இருக்கிறது. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட திடக்கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தீங்கற்றதாக முடியும். 1 சென்டிமீட்டருக்குள் என்றால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வளர வளர அந்தச் சலுகை சுருங்கிக்கொண்டே போகும். அதனால்தான் எண்பது வயதில், இதயமும் பலவீனமான ஒருவருக்கு 2 சென்டிமீட்டர் கட்டி இருந்தால், சும்மா விட்டு வேடிக்கை பார்ப்பதும் ஒரு மருத்துவமாகிறது. சின்னத் திடக்கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு 3 மில்லிமீட்டர் வாக்கில்தான் வளர்கின்றன.

அவரை உள்ளே கூப்பிட்டேன். மனைவியும் வந்தார். வலது பக்கப் படத்தைக் காட்டியதும் அவர் கை தானாக இடுப்புக்குப் போனது.

"இதாங்க சார், இவ்வளவு பெருசு. உடனே எடுத்துரணுமா?"

"இது வெறும் தண்ணி, ஐயா. இத ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல."

அவர் நம்பவில்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. 9.4 சென்டிமீட்டரை ஒரு வாரம் சுமந்தவருக்கு அப்படிச் சட்டென்று இறக்கி வைக்க வராது. இடது பக்கத்தைக் காட்டி, இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதினேன். 36. 58. ஊசி போட்ட பிறகு இது மட்டும் சாயம் பிடித்திருக்கிறது, இதைச் சிறுநீரக அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றேன். அவர் திரையில் அதைத் தேடினார். பென்சிலின் முனையால் காட்ட வேண்டியிருந்தது.

"இந்தத் துளியா?" என்று கேட்டது அவர் மனைவி.

அவருக்கு இடது சிறுநீரகத்தில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள், சிறுநீரகத்தை மிச்சம் வைத்தார்கள். திசுப் பரிசோதனையில் பாப்பிலரி வகைப் புற்று, அளவு 2.4, வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை என்று வந்தது. ஒரு வருடம் கழித்துக் கண்காணிப்புப் படத்துக்கு வந்தார். இடது பக்கத்தில் வெட்டிய வடு ஒரு சின்னப் பள்ளமாகத் தெரிந்தது. பாலாடைத் துண்டு அதே 1.6இல் உட்கார்ந்திருந்தது. வலது பக்கத்துக்குப் போய் வட்டம் போட்டேன். அளவு 9.6. எண் 7. சுவர் இப்போதும் கண்ணில் படவில்லை.

"அந்தப் பெரிசு இன்னும் இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்கு ஐயா. ரெண்டு மில்லிமீட்டர் பெருத்திருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.